டீலர்ஷிப் விண்ணப்பம்: அந்த 15 பேரைப் பற்றி எழுதுங்கள்

கேள்வி: ஐயா, 19 வருடமாக ஹார்டுவேர், பெயின்ட் கடை நடத்துகிறேன். கடை 640 சதுர அடி. ஒரு பெயின்ட் கம்பெனியின் சரக்கை அதன் டீலர் ஒருவரிடம் வாங்கி விற்கிறேன். வேறு இரண்டு கம்பெனி சரக்கும் உண்டு. நேரடி டீலர்ஷிப் கேட்டு மண்டல அலுவலகத்துக்கு இரண்டு முறை கடிதம் போட்டேன். கடை அளவு, அனுபவம், 30 கிலோமீட்டர் சுற்றளவுக்கு வாடிக்கையாளர்கள் இருப்பது, மாதம் 5,000 லிட்டர் விற்றுத் தர முடியும் என்பது எல்லாம் எழுதினேன். பதிலே இல்லை. கடிதத்தில் என்ன குறை?

பதில்: கட்டுமானப் பொருள் கம்பெனி ஒன்றின் மண்டல விற்பனை அலுவலகத்தில் பல வருடம் இருந்தவன் நான். உங்களுடையது போன்ற கடிதங்கள் என் மேஜைக்கும் வரும். வந்ததும் நாங்கள் செய்கிற முதல் காரியம், கடை எந்த இடத்தில் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் நம் டீலர் யார் என்று பார்ப்பது. கடிதத்தின் மீதியைப் படிப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும்.

உங்கள் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் சில கணக்குகள் கேட்டேன் அல்லவா? இரண்டு நாளில் பில் புத்தகத்தைப் புரட்டி நீங்கள் சொன்ன எண்களை வைத்தே பேசுகிறேன். கடந்த 12 மாதத்தில் அந்தக் கம்பெனியின் பெயின்ட் 7,800 லிட்டர் வாங்கியிருக்கிறீர்கள். அதிகம் வாங்கிய மாதம் 1,050 லிட்டர், குறைந்த மாதம் 240. சராசரியாக மாதம் 650. இதையெல்லாம் வாங்கியது 11 கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் டீலரிடம்.

இப்போது மண்டல மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அந்த 7,800 லிட்டரும் ஏற்கெனவே அவர் விற்றதுதான். டீலர் பெயரில் பில் ஆகி, பணமும் வந்துவிட்டது. உங்களுக்கு நேரடியாகக் கொடுத்தால் அதே லிட்டர் ஒரு லெட்ஜரிலிருந்து இன்னொரு லெட்ஜருக்குப் போகும், அவ்வளவுதான். கூடவே பழைய டீலரின் கோபம், புதிதாக ஒரு கடன் கணக்கு, வண்டிக்கு ஒரு கூடுதல் நிறுத்தம். கம்பெனிக்கு இதில் லாபம் எங்கே? நீங்கள் பெருமையாக எழுதிய எண்ணே அவருக்குத் தலைவலியாகத் தெரிகிறது. கடை சிறியது என்பதாலோ உங்கள் எழுத்து சரியில்லை என்பதாலோ கடிதம் கிடப்பில் போகவில்லை. கம்பெனிக்குப் புதிதாக எத்தனை லிட்டர் கிடைக்கும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பதில் உங்கள் கடையிலேயே இருந்தது. உங்கள் மகன் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஆறு வாரமாகக் குறித்து வைத்ததைப் படித்துக் காட்டினீர்களே, அதைத்தான் சொல்கிறேன். கேட்ட கலர் அந்தக் கம்பெனியில் கலக்கித் தர முடியாமல் போனது 38 பேருக்கு. 'அப்படியானால் 38 பேர் திரும்பிப் போனார்கள் என்று எழுதிவிடலாமே' என்றீர்கள். வேண்டாம். அதைப் படித்ததும் ஏரியா ஆபீசர் கேட்கும் முதல் கேள்வி, 'அவர்கள் எங்கே போனார்கள்?' என்பதுதான்.

நல்லவேளை, உங்கள் மகன் அதையும் எழுதியிருக்கிறார். 9 பேர் 11 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அதே டீலரிடம் போய் அதே கம்பெனி சரக்கை வாங்கினார்கள். கம்பெனிக்கு இதில் நஷ்டமே இல்லை. 14 பேர் எங்கே போனார்கள் என்று தெரியாது. தெரியாததை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். மீதி 15 பேர் உங்கள் கடையிலேயே, வேறு கம்பெனியின் டிண்டிங் மெஷினில் கலக்கிய பெயின்ட்டை வாங்கிப் போனார்கள். மொத்தம் 210 லிட்டர். அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தவர்கள் கையில் போட்டிக் கம்பெனியின் வாளியோடு வெளியே போயிருக்கிறார்கள். விற்பனை ஆபீசருக்கு உறைக்கிற இடம் இதுதான். உங்கள் விண்ணப்பத்தின் முதுகெலும்பு இந்த 15 பேர்.

210 லிட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆறு வாரத்துக்கு 210 என்றால் மாதம் ஏறக்குறைய 150 லிட்டர். ஆனால் அந்த ஆறு வாரமும் நல்ல சீசன். மழை மாதத்தில் உங்கள் விற்பனை 240 லிட்டருக்கு இறங்குகிறது என்று நீங்களே சொன்னீர்கள். அதனால் வருடச் சராசரியாக மாதம் 100 லிட்டர் என்று எடுத்துக்கொள்வோம். பழைய 650, புதிய 100, ஆக மாதம் 750 லிட்டர். நீங்கள் எழுதிய 5,000 எங்கே, இது எங்கே என்று தோன்றும். 650 விற்கிறவர் 5,000 விற்பேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்; நம்பிவிட்டால் அது இன்னும் மோசம், அந்த எண்ணே உங்கள் டார்கெட்டாக வந்து உட்கார்ந்துவிடும். 750-க்குக் கையில் ஆதாரம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். நேரடி டீலருக்குக் குறைந்தபட்ச மாதக் கொள்முதல் எவ்வளவு, டிண்டிங் மெஷின் வைக்கத் தனி அளவு உண்டா என்பதை ஏரியா ஆபீசரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்பது 750-ஐவிட மிக அதிகம் என்றால் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. அப்போது உங்கள் இடத்தில் நான் இருந்தால், இப்போதைய டீலரின் கீழேயே இருந்துகொண்டு மெஷின் மட்டும் கிடைக்குமா என்று கேட்பேன்.

அடுத்து கடை. '640 சதுர அடி, நல்ல இடம்' என்று எழுதினீர்கள். இது வீட்டு வாடகை விளம்பரம் மாதிரி இருக்கிறது. டிண்டிங் மெஷின் கேட்கிறவர் மெஷின் எங்கே நிற்கும் என்று எழுத வேண்டும். கலர் ஊற்றும் மெஷின், டின்னைக் குலுக்கும் ஷேக்கர், கம்ப்யூட்டர் மேஜை, பேஸ் டின் அடுக்க ரேக், இவ்வளவுக்கும் தூசியும் வெயிலும் படாத ஒரு பக்கம் வேண்டும். தரை சமமாக இல்லாவிட்டால் ஷேக்கர் ஆட்டத்தில் நகரும். இன்னொன்று, பலர் மறப்பது மின்சாரம். கலரன்ட் அடியில் தங்கிவிடாமல் இருக்க மெஷின் தானாகவே அவ்வப்போது கிளறிக்கொண்டிருக்கும். அதனால் இரவில் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைக்கிற பழக்கம் இருந்தால் ஆகாது. மெஷினுக்குத் தனி லைன் இழுத்து, யுபிஎஸ் வைத்து, கடை மூடியிருக்கும்போதும் மின்சாரம் ஓடும்படி செய்யப்போகிறேன் என்று ஒரே வரி எழுதுங்கள். இந்த ஆள் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஆபீசருக்குப் புரிந்துவிடும். தின்னரும் எனாமலும் எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெல்டிங் ராடும் தின்னரும் ஒரே ரேக்கில் இருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. கடிதம் எழுதுவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள். பார்வையிட வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ரீச் என்று நீங்கள் எழுதிய 30 கிலோமீட்டர் வட்டத்தை எடுத்துவிடுங்கள். அந்த வட்டத்துக்குள் அவர்களுடைய டீலர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். எல்லோருடைய வயலிலும் கால் வைக்கிற மாதிரி ஆகிவிடும். பில் புத்தகத்திலிருந்து நீங்கள் எண்ணியது இதைவிட எவ்வளவோ மேல்: 12 மாதத்தில் குறைந்தது நான்கு மாதமாவது வாங்கிய பெயின்டர்கள் 31 பேர். அவர்களில் 22 பேர் வேலை செய்வது மேற்கிலும் வடக்கிலும், அதாவது டீலர் இருக்கும் திசைக்கு எதிர்த் திசையில். 4 பேர் டீலரிடமும் வாங்குகிறார்கள். இந்த 4 பேரை மறைக்காதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் டீலர் சொல்லிவிடுவார். உங்கள் கடிதம் வந்த வாரமே ஏரியா ஆபீசர் அவரிடம்தான் பேசுவார். அதனால் அவரைப் பற்றி 'சரக்கு சரியாகத் தருவதில்லை' என்பது போன்ற வரி எதுவும் வேண்டாம், உண்மையாக இருந்தாலும்கூட. வேறு இரண்டு கம்பெனிகளின் சரக்கு விற்பதையும் மறைக்க முடியாது, ரேக்கில் தெரியும். வருடத்துக்கு எத்தனை லிட்டர் என்று நீங்களே எழுதிவிடுங்கள். ஆபீசர் அதை, பிடிக்க வேண்டிய விற்பனை என்றுதான் படிப்பார்.

19 வருட அனுபவத்துக்கு வருவோம். அலுவலகத்தில் அனுபவம் என்பதற்கு ஒரே அர்த்தம்: இந்த ஆள் பணத்தை எத்தனை நாளில் கட்டுவார்? கடந்த 12 மாதத்தில் உங்களுக்கு 23 பில். அதில் 20 கெடுவுக்குள் கட்டியாயிற்று. 3 பில் தாமதம், அதிகபட்சம் 9 நாள், மூன்றும் மழை மாதத்தில். இதை அப்படியே எழுதுங்கள். 'ஒருநாளும் தாமதம் செய்ததில்லை' என்பதைவிட இது நம்பும்படி இருக்கிறது. டீலரிடம் போய் நற்சான்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். பணம் போன தேதிகள் உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கும், அதன் நகல் போதும்.

பணம் என்றதும், கடிதத்தைவிட முக்கியமான கணக்கு ஒன்று. இதைப் போடாமல் விண்ணப்பம் அனுப்பாதீர்கள். இப்போது நீங்கள் டீலரிடம் வேண்டியபோது இரண்டு டின் எடுக்கிறீர்கள். நேரடி டீலர் ஆனால் ரேக் நிறைய நீங்களே வைத்திருக்க வேண்டும். மூன்று தர எமல்ஷன், ஒவ்வொன்றிலும் மூன்று பேஸ், ஒவ்வொரு பேஸிலும் 1, 4, 10, 20 லிட்டர் டின் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 36 வகை. வகைக்கு ஒரே ஒரு டின் வைத்தாலே 315 லிட்டர், அதாவது மாதம் 750 விற்கும் கடைக்கு ஏறக்குறைய 13 நாள் சரக்கு. ஓடுகிற வகையில் நாலைந்து டின்னாவது வேண்டும். ஆகவே 45 நாள் சரக்கு, 1,125 லிட்டர், எப்போதும் ரேக்கில் தூங்கும். விற்பனையில் 60 சதவீதம் பெயின்டர்களுக்குக் கடன், வசூலாக 30 நாள் ஆகிறது என்றீர்கள். அது 450 லிட்டருக்கான பணம். கம்பெனி 21 நாள் கடன் கொடுத்தால் 525 லிட்டரின் பணம் அவர்களுடையது. மிச்சம் 1,050 லிட்டரின் விலை உங்கள் கைக்காசு. உங்கள் ஒன்றரை மாதக் கொள்முதலுக்குச் சற்றுக் குறைவு. மெஷினுக்கான பணம், டெபாசிட் எல்லாம் இதற்கு மேல். இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தால் போதும். உங்களிடமே பதில் இல்லை என்றால் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள்.

சரி, கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கலாம். மேலே கடையின் பெயர், முகவரி, வரிப் பதிவு எண். பெறுநர் மண்டல விற்பனை மேலாளர், நகல் ஏரியா ஆபீசருக்கு.

"பொருள்: டிண்டிங் மெஷினுடன் நேரடி டீலர்ஷிப் கோரி, கடையைப் பார்வையிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கம்பெனியின் பெயின்ட்டைத் தங்கள் டீலர் மூலம் விற்று வருகிறேன். கடந்த 12 மாதத்தில் 7,800 லிட்டர் விற்றுள்ளேன். இது ஏற்கெனவே தங்கள் விற்பனையில் சேர்ந்தது என்பதை அறிவேன்.

தங்கள் கம்பெனியின் கலர் கலக்கும் மெஷின் என்னிடம் இல்லாததால், தங்கள் பெயின்ட்டைப் பெயர் சொல்லிக் கேட்டு வந்த 15 பேர் கடந்த ஆறு வாரத்தில் என் கடையிலேயே வேறு கம்பெனி பெயின்ட் 210 லிட்டர் வாங்கினார்கள். குறிப்பின் நகல் இணைத்துள்ளேன். மெஷின் வந்தால் வருடச் சராசரியாக மாதம் 100 லிட்டர் கூடும் என்று கணிக்கிறேன். மொத்தம் மாதம் 750 லிட்டர்.

என்னிடம் தொடர்ந்து வாங்கும் பெயின்டர்கள் 31 பேர். 22 பேர் மேற்கிலும் வடக்கிலும் வேலை செய்பவர்கள். 4 பேர் தங்கள் டீலரிடமும் வாங்குகிறார்கள். வேறு இரண்டு கம்பெனிகளின் பெயின்ட்டும் விற்கிறேன். அவற்றின் வருட அளவு இணைப்பில் உள்ளது.

கடை 640 சதுர அடி. மெஷினுக்கான இடத்தை வரைபடத்தில் குறித்துள்ளேன். தனி மின் இணைப்பும் யுபிஎஸ்ஸும் அமைத்துத் தருவேன்.

கடந்த 12 மாதத்தில் 23 பில்லில் 20-ஐக் கெடுவுக்குள் கட்டியுள்ளேன். மற்ற மூன்றில் அதிகபட்சத் தாமதம் 9 நாள். ஆரம்பச் சரக்குக்கான பணம் என் சொந்தச் சேமிப்பில் உள்ளது.

ஏரியா ஆபீசர் வசதிப்பட்ட நாளில் வந்து கடையையும் பில் புத்தகத்தையும் பார்க்கும்படி வேண்டுகிறேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். கடிதம் கேட்பது டீலர்ஷிப்பாக இருந்தாலும், இப்போதைக்கு வேண்டியது ஒரு பார்வையிடல்தான். கடிதத்தை மட்டும் பார்த்து யாரும் டீலர்ஷிப் தருவதில்லை. ஏரியா ஆபீசர் வந்து பார்த்து எழுதுகிற குறிப்பில்தான் காரியம் நடக்கும். முன்பு 'இந்தப் பகுதியில் வேறு யாருக்கும் தரக்கூடாது', '45 நாள் கடன் வேண்டும்' என்று எழுதியிருந்தீர்களே, இரண்டையும் எடுத்துவிட்டேன். அவை பேச வேண்டிய விஷயங்கள்தான், ஆனால் ஆபீசர் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கும்போது.

இன்னொன்று. விண்ணப்பம் போட்ட பிறகு 'டீலர்ஷிப் உறுதியாகிவிட்டது, பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்' என்று யாராவது அழைத்தால், ஏரியா ஆபீசரைக் கேட்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். கடையைப் பார்க்காமலே பணம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர்கள். டெபாசிட் என்றால் நியமனக் கடிதம் கையில் வந்த பிறகு, கம்பெனி பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும்.

மகனின் குறிப்பைக் கம்ப்யூட்டரில் அழகாக அடித்து இணைக்கலாமா என்று கேட்டீர்கள். அப்படியே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். தேதி, லிட்டர், அடித்தல் திருத்தல் எல்லாம் இருக்கட்டும். வாடிக்கையாளர்களின் போன் நம்பரை மட்டும் மறைத்துவிடுங்கள்.